ஆறு ஆண்டுகளாகக் கண்முன் இருக்கும் அளவு மாற்று அட்டவணை

வீட்டில் சமைப்பதும் நான்தான், ஓய்வு நாளில் மரம் அறுப்பதும் நான்தான். இரண்டு வேலைகளிலும் குறிப்புகளில் பாதி, அங்குலத்திலும் அவுன்ஸிலும் வருகின்றன. கையில் இருக்கும் கருவிகளோ மில்லிமீட்டரும் கிராமும் காட்டுகின்றன. அதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அட்டவணை வாங்கினேன். இன்று சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பிரதியும் மரவேலை மேசைக்கு மேலே ஒரு பிரதியும் இருக்கின்றன. ஆனால் அவை வாங்கிய அட்டவணை அல்ல. நானே மூன்றாவது முறையாகத் திருத்தி எழுதியவை. ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன்.

வாங்கிய அட்டை கட்டம் கட்டமாக இருந்தது. இடப்பக்கம் அலகுகள், மேலே அதே அலகுகள், நடுவில் பெருக்க வேண்டிய எண்கள். ஐந்து தசம இடங்கள் வரை எல்லாம் சரியான எண்கள். ஆனால் மாவு ஒட்டிய கையோடு நின்று பார்க்கும்போது கண் ஒரு வரி கீழே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த அட்டை விடையைத் தரவில்லை, கணக்கைத் தந்தது. 3/8 அங்குலம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய மூன்றை எட்டால் வகுத்து 25.4-ஆல் பெருக்க வேண்டும். டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அது உதவி அல்ல.

எனவே முதல் திருத்தத்தில் கட்டத்தை எடுத்துவிட்டேன். குறிப்பில் இருக்கும் அளவு இடப்பக்கம், எனக்கு வேண்டிய அளவு வலப்பக்கம், அவ்வளவுதான். எதிர்த்திசையில் மாற்ற வேண்டிய தேவை இந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு ஒரு கை விரல் எண்ணிக்கைக்குள் வந்திருக்கும். அதற்கு இடம் ஒதுக்கவில்லை. நீளப் பகுதி இப்படி இருக்கிறது:

| அங்குலம் | மி.மீ. |
|---|---|
| 1/16 | 1.6 |
| 1/8 | 3.2 |
| 1/4 | 6.35 |
| 3/8 | 9.5 |
| 1/2 | 12.7 |
| 5/8 | 15.9 |
| 3/4 | 19.05 |
| 1 | 25.4 |

கடைசி வரியில் உள்ள 25.4 தோராயம் அல்ல. 1959 முதல் அங்குலம் என்பதன் வரையறையே அதுதான். கால் அங்குலத்தையும் முக்கால் அங்குலத்தையும் முதலில் 6 என்றும் 19 என்றும்தான் எழுதியிருந்தேன், பார்க்க எளிதாக இருக்குமே என்று. அந்தச் சோம்பல் ஒரு புத்தக அலமாரியில் வெளிப்பட்டது.

தட்டுகளை ஏற்றி இறக்கக்கூடிய அலமாரி அது. இரு பக்கப் பலகைகளிலும் 1 1/4 அங்குல இடைவெளியில் 16 துளைகள் போட வேண்டும். துளைகளில் முளைகளைச் செருகித் தட்டை வைப்பார்கள். சரியான இடைவெளி 31.75 மி.மீ. டேப்பில் குறிக்க வசதியாக 32 என்று வைத்துக்கொண்டேன். கால் மில்லிமீட்டர்தானே, பென்சில் கோட்டின் தடிமன்கூட அதற்கு மேல் இருக்கும். ஆனால் 16 துளைகளுக்கு நடுவே 15 இடைவெளிகள். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 476.25 வர வேண்டியது 480 வந்தது. 3.75 மி.மீ. கூடுதல். இரு பக்கமும் கீழிருந்தே குறித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இடப்பக்கத்தைக் கீழ்த் துளையிலிருந்தும், பலகை திரும்பிக் கிடந்ததால் வலப்பக்கத்தை மேல் துளையிலிருந்தும் குறித்தேன். எந்தத் தட்டை எந்தத் துளையில் வைத்தாலும் ஒரு பக்கம் அதே 3.75 மி.மீ. சரிந்திருந்தது. எல்லா இடத்திலும் ஒரே அளவு சரிவு என்றால் கை நடுக்கம் காரணம் அல்ல, கணக்குதான் காரணம் என்பதை அன்று புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது.

அதன் பிறகு நீளப் பகுதியின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தேன்: கூட்டிவிட்டு மாற்று, மாற்றிவிட்டுக் கூட்டாதே. ஐந்தாவது துளை எங்கே என்றால் முதலில் அங்குலத்திலேயே நான்கு இடைவெளிகளைக் கூட்டினால் 5 அங்குலம். அதை மாற்றினால் 127 மி.மீ. ஒவ்வொரு துளையையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இப்படிக் குறித்தால், முழு மில்லிமீட்டருக்குச் சுருக்கினாலும் பிழை அந்தத் துளையோடு நின்றுவிடும், அடுத்ததற்குப் போகாது.

எடைப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவுன்ஸ் 28.35 கிராம், பவுண்டு 454 கிராம். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாதபோது அதற்கு மேல் தசமம் வீண்.

கொள்ளளவுப் பகுதியில்தான் வாங்கிய அட்டை என்னை உண்மையாகவே ஏமாற்றியது. எடைக்கும் அவுன்ஸ், நீர்ம அளவுக்கும் அவுன்ஸ் என்று இரண்டு இடத்திலும் ஒரே பெயர். ஒரு கேக் குறிப்பில் 8 அவுன்ஸ் தேன் என்று இருந்தது. அளவுக் குவளையில் அவுன்ஸ் கோடு கண்ணில் பட்டதால் அதில் 8 வரை ஊற்றினேன். அது சுமார் 237 மில்லி. தேன் நீரைவிடக் கனமானது. அந்த 237 மில்லியின் எடை ஏறக்குறைய 336 கிராம். குறிப்பு கேட்டதோ எடை அவுன்ஸ், அதாவது 227 கிராம். நூறு கிராமுக்கு மேல் தேன் கூடிப்போய், மேல்புறம் கருகியும் நடுவில் பிசுபிசுப்பாகவும் வந்தது. நீருக்கோ பாலுக்கோ இந்தக் குழப்பம் நேர்ந்தால் தெரியவே தெரியாது, இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். அதனால்தான் பழக்கம் தவறாகவே ஊறிவிடுகிறது. என் அட்டவணையில் இப்போது ஒன்று எடை அவுன்ஸ், மற்றொன்று நீர்ம அவுன்ஸ். இரண்டும் வெவ்வேறு வண்ணத்தில்.

கப்புக்கும் ஒரு பெயர் போதாது. அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லியாக இருக்க, ஆஸ்திரேலியாவில் 20. குறிப்பில் எல்லாப் பொருளும் கப்பிலேயே இருந்தால் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது. கப்போடு முட்டையோ கிராமோ கலந்து வரும்போதுதான் எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்க வேண்டும்.

கப்பைக் கிராமாக மாற்றும் வரியை மாவுக்கு எழுதிவைத்துப் பிறகு அடித்துவிட்டேன். கரண்டியால் மெல்லத் தூவி நிரப்பினால் ஒரு கப் மைதா 120 கிராம் அளவில் நிற்கிறது. கப்பையே மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் 150 வரை போகிறது. நான்கு கப் வேண்டிய ரொட்டியில் இது 120 கிராம் வித்தியாசம். எந்த அட்டவணையாலும் இதைத் தீர்க்க முடியாது. குறிப்பு எழுதியவர் எப்படி அள்ளினார் என்பது அவருக்குத்தான் தெரியும். சர்க்கரைக்கு மட்டும் 200 கிராம் என்ற வரி இன்னும் இருக்கிறது, அது அப்படி அமுங்குவதில்லை.

மரவேலைப் பக்கத்தில் இதே போன்ற ஒரு வரி ஒட்டுப்பலகைக்கு. வரைபடத்தில் 3/4 அங்குலப் பலகை என்று இருந்தால் அட்டவணை 19.05 என்கிறது, நான் வாங்கும் பலகையின் பெயர் அளவு 18 மி.மீ. வெளி அகலம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. உள்ள பெட்டிக்கு, நடுத்தட்டு 28 1/2 அங்குலம் என்று வரைபடம் சொல்லும். மாற்றினால் 723.9. ஆனால் பக்கப் பலகைகள் இரண்டும் 18 என்றால் உள்ளே இருக்கும் இடம் 726. மாற்றியதில் ஒரு பிழையும் இல்லை, தட்டு மட்டும் 2 மி.மீ. குட்டை. ஆகவே பலகைத் தடிமனுக்கு நேரே என் அட்டவணையில் எண் எதுவும் இல்லை. அந்த இடத்தில் வெர்னியர் காலிப்பரை ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.