கட்டணம் இல்லை என்ற பலகையும் தம்பியின் 1,500 திர்ஹமும்

தம்பி துபாயில் ஏசி பழுதுபார்க்கிறான். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மாதம் 1,500 திர்ஹம் வீட்டுக்கென்று ஒதுக்கிவிடுவான். முதல் ஒன்றரை வருடம் அதை நான்காகப் பிரித்து அனுப்பினான். சம்பளம் வந்ததும் ஒரு பங்கு, சீட்டுக்காசுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, மாதக் கடைசியில் பால்மாவுக்கும் அம்மாவின் மருந்துக்கும் ஒன்று. கேட்டபோதெல்லாம் அனுப்பினான் என்றுதான் நாங்கள் பெருமைப்பட்டோம்.

ஒருநாள் அவன் அனுப்பிய ரசீதுப் படங்களைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் ஒவ்வொரு முறையும் 20 திர்ஹம் கட்டணம், அதன்மேல் அந்த நாட்டு வற் வரி 5 சதவீதம். ஆக 21. நான்கு முறைக்கு 84 திர்ஹம். ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு.

சொன்னதும் அவனே கூடியிருந்த அறைக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வந்தான். "அக்கா, இங்க ஒரு கடையில கட்டணமே இல்லையாம். பலகையே போட்டிருக்கான். இனி அங்கயே அனுப்புறேன்."

"ரேட் என்னவாம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்" என்றான். அங்கேதான் அவன் பிழைவிட்டான்.

திர்ஹமின் நியாயமான ரேட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1997இலிருந்து ஒரு டொலர் 3.6725 திர்ஹம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் தினமும் டொலர் விலை போடுகிறது. டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 3.6725ஆல் வகுத்தால் 81 ரூபாய் 69 சதம். இதற்கு எவ்வளவு கீழே ஒருவர் ரேட் கொடுக்கிறாரோ அவ்வளவும் அவருடைய வருமானம். கட்டணம் ரசீதில் தெரியும், இது தெரியாது.

தம்பியின் கையிலிருந்து கட்டணத்தோடு சேர்த்து 1,500 திர்ஹம் போகிறது, ஒரே தடவையில் அனுப்புகிறான் என்று வைத்து அந்த நாளுக்கான மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

| வழி | கட்டணம் (திர்ஹம்) | ரேட் | இங்கே வருவது (ரூபாய்) |
|---|---|---|---|
| "கட்டணம் இல்லை" கடை | 0 | 79.50 | 119,250 |
| கவுன்டர் | 21 | 81.10 | 119,947 |
| கைபேசி ஆப் | 10.50 | 81.10 | 120,798 |

இலவசக் கடைதான் கடைசியில் நிற்கிறது. அவன் முன்பு செய்தது போலக் கவுன்டரில் நான்கு தடவையாக அனுப்பினால் 114,838 ரூபாய்தான் வரும். ஆப்பில் ஒரே தடவை அனுப்புவதற்கும் அதற்கும் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் வித்தியாசம். அதில் பெரும்பங்கு ஆப்பால் வந்ததல்ல, நாலை ஒன்றாக்கியதால் வந்தது.

ஆனால் இலவசக் கடையை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. அவசரத்துக்கு 200 திர்ஹம் மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் அங்கே 15,900 ரூபாய் வருகிறது. ஆப்பில் 15,368, கவுன்டரில் 14,517. கட்டணம் தொகை எதுவானாலும் மாறாது, ரேட்டில் கழிவதோ தொகையோடு வளரும். இந்த ரேட்டுகளுக்கு 530 திர்ஹம் வரை இலவசக் கடை லாபம், அதற்கு மேல் ஆப். கவுன்டர் இலவசக் கடையை முந்த 1,060 தாண்ட வேண்டும். ரேட் மாறினால் இந்த எல்லைகளும் நகரும், எனவே நானும் இவற்றை மனப்பாடம் செய்யவில்லை. பணத்தை அனுப்புமுன் "இங்கே எத்தனை ரூபாய் விழும்?" என்ற ஒரே எண்ணைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

வங்கியிலிருந்து வங்கிக்கு டொலராக அனுப்பும் ஸ்விஃப்ட் வழியையும் ஒருதரம் பார்த்தோம். வழியில் நிற்கும் இடைவங்கிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால், போய்ச்சேரும் தொகையை அனுப்பும்போதே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காணி வாங்கும் தொகைக்குச் சரி, மாதச் செலவுக்கு வேண்டாம்.

அடுத்தது உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசைக் கைமாற்றும் வழி. இதைப் பேசாமல் கொழும்பில் காசு அனுப்புவதைப் பற்றிப் பேச முடியாது. 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாயைச் சுற்றியே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார். அதிகாரபூர்வ வழிக்கு மத்திய வங்கி டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தும் ஈடாகவில்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று சொன்னால் மிகையில்லை. அப்போது எனக்கும் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன்.

உண்டியலில் திர்ஹம் இலங்கைக்கு வருவதேயில்லை. அங்கே ஒருவர் வாங்கிக்கொள்வார், இங்கே வேறொருவர் ரூபாய் கொடுப்பார். கணக்கில் போடச் சொன்னால், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து விழும். அந்த ஆள் மேல் விசாரணை வந்தால் நம் கணக்கையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். காட்ட ரசீது இல்லை. இப்போது வங்கி ரேட்டுக்கும் அதற்கும் இடையில் அந்தப் பழைய இடைவெளியும் இல்லை. சில நூறு ரூபாய்க்காக நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

ஒரே தடவை அனுப்புவது எழுதுவதற்கு எளிது. வீட்டில் கையிருப்பு இல்லாவிட்டால் பதினைந்தாம் தேதி மறுபடி ஃபோன் போகும். முதல் ஐந்து மாதம் மிச்சமான 6,000ஐத் தொடாமல் வேறு கணக்கில் விட்டேன். 30,000 சேர்ந்த பிறகுதான் நடுமாத அழைப்புகள் நின்றன. சீட்டுத் தேதியையும் சம்பளத்துக்குப் பின்னே தள்ளச் சொல்லிக் கேட்டேன், சீட்டுக்கார அக்கா முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

முதல் தடவை ஆப்பில் அனுப்பியது திரும்பிப் போனது. அவன் என் பெயரை ஐடென்டிடி கார்டில் உள்ளபடி முழுதாக எழுதியிருந்தான், வங்கிக் கணக்கிலோ முதலெழுத்துகளோடு இருந்தது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன், அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஏற்றினான். பணம் திரும்பிச் சேர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த ஏற்பாடு பிடிக்காதவர் வீட்டில் ஒருவர்தான், அப்பா. முன்பு வாராவாரம் வெள்ளிக்கிழமை ரகசிய எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு காசெடுக்கப் புறக்கோட்டைக்குப் போவார். வரிசையில் இரண்டு பழைய கூட்டாளிகள், திரும்பும்போது பிளேன்டீ, வடை. இப்போது வெள்ளிக்கிழமையானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "மெஷின்ல மீதியைப் பார்த்துட்டு வாறேன்" என்கிறார். கார்டையும் முந்நூறு ரூபாயையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அந்தச் செலவைக் கொப்பியில் எழுதுவதில்லை.