'120 பேர் அமரலாம்' என்ற வரியை நம்பி 38,940 ரூபாயை இழந்தோம்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். கடந்த ஆடி மாதத்தில் எங்கள் டீலர்கள் 120 பேருக்கு ஒரு நாள் பயிற்சிக் கூட்டம் நடத்த நட்சத்திர ஓட்டல் ஒன்றிடம் விலைப்புள்ளி கேட்டோம். நிறுவனக் கூட்டங்களுக்கு ஹால் பிடிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்து நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு மேசையிலும் பிரித்துப் போட்ட ஒரு பம்பை வைத்து, அதன் இம்பெல்லரையும் ஷாஃப்ட் சீலையும் டீலர்களே கையிலெடுத்துப் பார்க்கும்படி பயிற்சியைத் திட்டமிட்டிருந்தோம். ஆகவே, வட்ட மேசைகளைச் சுற்றிக் குழுக்களாக அமரும் கிளஸ்டர் முறை வேண்டும் என்று மின்னஞ்சலில் தெளிவாகவே கேட்டிருந்தேன். வந்த விலைப்புள்ளியில் தேதி, ஹாலின் பெயர், '120 பேர் அமரலாம்' என்ற குறிப்பு, மதிய உணவும் இரு வேளைத் தேநீரும் சேர்த்து ஆளுக்கு 1,100 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை இருந்தன, இருக்கை முறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாங்கள் கேட்டதற்குத்தானே பதில் வந்திருக்கிறது என்று நம்பி, பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்திவிட்டோம். என் தவறு அங்கேதான் நடந்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை பேனர் கட்டப் போன எங்கள் ஊழியர் பதற்றத்துடன் அழைத்தார். ஹாலின் பரப்பு 1,500 சதுர அடி. நாற்காலிகளை வரிசையாகப் போடும் தியேட்டர் முறையில் ஆளுக்கு எட்டு முதல் பத்து சதுர அடி போதும் என்பதால், மேடை போக 120 பேர் அங்கே அமர்ந்துவிடலாம். ஆனால் ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசை ஒன்றுக்கு நாற்காலிகளும் நடைபாதையும் சேர்த்து ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். சாப்பாட்டுக்கு அதில் எட்டுப் பேர் அமரலாம் என்றாலும், மேடைக்கு முதுகைக் காட்டி யாரும் உட்காராதபடி அமைக்கும்போது ஆறு பேருக்குத்தான் இடம். எங்களுக்கு 20 மேசைகள் தேவை. மேடையும் திரையும் போக அங்கே 11 மேசைகள்தான் பிடித்தன. அதாவது 66 பேருக்கான இடம்.

விருந்து மேலாளரிடம் கேட்டபோது, விலைப்புள்ளியில் உள்ளது தியேட்டர் முறைக்கான எண்ணிக்கைதான் என்றார். பக்கத்துப் பெரிய ஹாலைத் தரலாம், ஆனால் அதன் மினிமம் கேரண்டி 150 பேர் என்றும் சொன்னார். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் அந்த ஹால் சும்மாதான் கிடந்தது. மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டீலர்கள் பேருந்து ஏறிவிட்ட நிலையில், வேறு வழியின்றி ஒப்புக்கொண்டோம். வரி உட்பட ஆளுக்கு 1,298 ரூபாய் வீதம் 120 பேருக்கு 1,55,760 ரூபாயாக இருந்திருக்க வேண்டிய பில், 150 பேருக்கு 1,94,700 ரூபாய் ஆனது. யாரும் உண்ணாத 30 சாப்பாட்டுக்கு 38,940 ரூபாய் கொடுத்தோம்.

உணவிலும் இதே கதைதான். சைவம் மட்டும் உண்ணும் 45 பேருக்குத் தனி கவுண்ட்டர் கேட்டிருந்தோம். விலைப்புள்ளியில் 'சைவ, அசைவ பஃபே' என்றிருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். சிக்கன் குழம்புக்கு அடுத்த பாத்திரத்தில் சாம்பாரைப் பார்த்த பெரியவர் ஒருவர் தயிர்சாதம் மட்டும் வாங்கிக்கொண்டு போனதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. பின்னர் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்தும், 'விலைப்புள்ளியின்படியே சேவை வழங்கப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது.

இப்போது நான் அனுப்பும் கடிதம் இப்படி இருக்கும்:

"வரும் 14ஆம் தேதி காலை 9 முதல் மாலை 5 வரை 120 பேருக்கான கூட்டம், முந்தைய நாள் மாலை 6 மணிக்கே ஹால் எங்களுக்கு வேண்டும். மேசைக்கு ஆறு பேர் வீதம் 20 வட்ட மேசைகளும், 20க்கு 12 அடி மேடையும் போட்ட பிறகு ஹாலில் எத்தனை பேர் அமர முடியும் என்பதை வரைபடத்துடன் குறிப்பிடவும். மினிமம் கேரண்டி எத்தனை பேர், இறுதி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு தர வேண்டும் என்பதையும் எழுதவும். சைவ உணவு 45 பேருக்குத் தனி கவுண்ட்டரில் வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டெனில் இப்போதே தெரிவிக்கவும்."

கேட்டவை அனைத்தும் பதிலில் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் அனுப்புவதில்லை. சென்ற மாதம் இதே கடிதத்துக்கு வேறொரு ஓட்டலிலிருந்து, "இந்த அமைப்பில் எங்கள் ஹாலில் 84 பேர்தான் அமர முடியும், 120 பேருக்கு இது பொருந்தாது" என்று மறுநாளே பதில் வந்தது.