பேரேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து எக்செலில் ஏற்றுதல்: எண் சரி, வரிதான் தப்பு

கையால் எழுதிய பேரேட்டைப் போனில் படமெடுத்து விரிதாளாக்க உட்காரும்போது எல்லோருக்கும் முதலில் வரும் பயம் கையெழுத்தைப் பற்றியது. 1 ஏழாகிவிடுமோ, 0 ஆறாகிவிடுமோ என்று. பக்கம் பக்கமாக மாதக்கணக்கில் செய்தால் தெரிவது வேறு. எண்ணைத் தப்பாகப் படிப்பதைவிட, சரியாகப் படித்த எண்ணைப் பக்கத்து வரியில் கொண்டுபோய் வைப்பதுதான் கூடுதல் வேலை வைக்கிறது. அதிலும் மோசம், இடம் மாறிய எண் கண்ணுக்கு உறுத்தாது. தொகையும் நியாயமாக இருக்கும், கூட்டலும் சரியாக வரும்.

இதற்கு முதல் காரணம் படத்தின் சாய்வு. பக்கம் 2,400 பிக்சல் அகலமும் ஒரு வரி 80 பிக்சல் உயரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் ஒரு டிகிரி சாய்ந்தாலே வலது ஓரம் ஏறத்தாழ 42 பிக்சல் ஏறியோ இறங்கியோ போய்விடும். அது அரை வரிக்கும் மேல். தேதி ஒரு வரியிலும் அதன் இருப்புத் தொகை அடுத்த வரியிலும் விழ இது போதும். புத்தகத்தின் நடுமடிப்பு இன்னும் தொல்லை. அங்கே தாள் வளைவதால் கோடும் வளைகிறது, படத்தை மொத்தமாகச் சுழற்றினால் அது நிமிராது. ஆகவே இரண்டு பக்கங்களைச் சேர்த்து எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். மறுபாதி அட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, எடுக்கும் பக்கத்தைத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோகாமல், சற்று உயர்த்தி 2x-இல் எடுத்தால் ஓரங்கள் உப்பித் தெரிவது குறையும். பின்பக்க மை ஊடுருவித் தெரிகிறதென்றால் தாளுக்குக் கீழே ஒரு கறுப்புக் காகிதத்தைச் செருகுங்கள். பிளாஷ் வேண்டாம்.

சாய்வைக்கூடச் சமாளித்துவிடலாம். வெற்றுக் கட்டம்தான் பெரிய பகை. வரவு எழுதிய வரியில் செலவுக் கட்டம் காலியாக இருக்கும், செலவு எழுதிய வரியில் வரவுக் கட்டம் காலியாக இருக்கும். கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் மையைத்தான் பார்க்கிறது, வெறுமையைப் பார்ப்பதில்லை. காலி இடத்தைத் தாண்டிக் கீழே உள்ள தொகையை மேலே இழுத்துக்கொள்ளும்.

இதற்கு நெடுநாள் கைகொடுத்த வழி ஒரு காகிதப் பட்டை. புத்தகத்தின் கோட்டு இடைவெளிக்கு ஏற்ப 1 முதல் 30 வரை எண் எழுதிய இரண்டு பட்டைகளைச் செய்து, படமெடுக்கும்போது இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றும் வைத்துவிடுங்கள். ஒரே வகைத் தாள் என்றால் ஒருமுறை எழுதியதே புத்தகம் முழுவதற்கும் போதும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் இரு முனையிலும் எண் உண்டு. விரிதாளில் இடது எண் 14, வலது எண் 15 என்று வந்தால் படம் சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தைத் திருத்திக்கொண்டிராமல் மறுபடி எடுப்பதே வேகம். படிக்கும் மென்பொருளில் கட்டளை கொடுக்க முடியுமென்றால், காலிக் கட்டத்தில் "-" போடும்படி எழுதுங்கள். அந்தக் கோடோ தொகையோ இல்லாத கட்டம் வந்தால் ஏதோ நழுவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சரிபார்ப்பு. பலரும் பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். வரி நழுவலை அது பிடிக்கவே பிடிக்காது. தொகை மேலே போனாலும் கீழே போனாலும் பத்தியின் கூட்டல் மாறப்போவதில்லையே. வரிக்கு வரி எழுதிய இருப்புதான் உண்மையான காவல். A வரி எண், B தேதி, C விவரம், D வரவு, E செலவு, F இருப்பு என்று வைத்தால், G3-இல் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(F2+N(D3)-N(E3)-F3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். `N()` எதற்கென்றால், "-" போட்ட கட்டம் எழுத்தாக இருப்பதால் அது இல்லாவிட்டால் `#VALUE!` வந்து நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு: எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும் தொகையை அது 0 என்று எடுப்பதால், அதுவும் வித்தியாசமாக வெளியே வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 12-ஆம் வரியில் இருப்பு 18,420. 13-இல் வரவு 2,600, இருப்பு 21,020. 14-இல் செலவு 1,250, இருப்பு 19,770. 15-இல் செலவு 380, இருப்பு 19,390. மென்பொருள் 13-இன் காலிச் செலவுக் கட்டத்தைத் தாண்டி 1,250-ஐ அங்கேயும், 380-ஐ 14-க்கும் ஏற்றிவிட்டது. G பத்தியில் வருவது -1250, 870, 380. மூன்றையும் கூட்டினால் 0. அடுத்தடுத்த சில வரிகளில் வித்தியாசம் வந்து, அவை சேர்ந்து 0 ஆகின்றன, முதல் வித்தியாசம் அந்தப் பத்தியில் உள்ள ஒரு தொகையேதான் என்றால், அது நழுவல். எண்ணைத் தொடாதீர்கள், கட்டங்களைக் கீழே இறக்குங்கள்.

ஒரே ஒரு வரியில் மட்டும் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் அந்த வரியின் வரவோ செலவோ தப்பு. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றிப் படித்திருக்கலாம். தொகையின் இரு மடங்காக வந்தால் வரவுத் தொகை செலவுப் பத்திக்கோ செலவுத் தொகை வரவுப் பத்திக்கோ போயிருக்கிறது. ஒரு வரியில் +300, அடுத்ததில் -300 என்பதுபோல் ஒரே ஓர் இலக்கத்தின் அளவு வந்தால் இருப்பைத்தான் தப்பாகப் படித்திருக்கிறது.

படத்தைப் பார்த்து அட்டவணை எழுதித் தரும் மொழி மாதிரிகளில் ஒரு புது ஆபத்து உண்டு. கலங்கிப்போன இருப்பைப் படிப்பதற்குப் பதில் வரவு செலவை வைத்துப் பொருத்தமான எண்ணை அவை நிரப்பிவிடலாம். அப்போது G பத்தி முழுக்க 0 காட்டும், பேரேட்டில் இருப்பதோ வேறு எண். இருப்புப் பத்தியை, வலது பட்டையோடு சேர்த்து, தனிப் படமாக வெட்டித் தனியாகப் படிக்கவிடுங்கள். மற்றப் பத்திகள் கண்ணில் படாவிட்டால் கணக்குப் போட வழியில்லை.

மேற்படிக் குறிக்கும் இதே கதி. `"` என்றோ ௸ என்றோ எழுதியதை மென்பொருள் 11 என்றோ வெறுமை என்றோ எடுக்கும். அதை அப்படியே குறியாக ஏற்றி, மேல் வரியின் சொல்லைப் பிறகு தனிப் பத்தியில் நிரப்புவதே நல்லது. வரி நழுவியிருந்தால் நிரப்பிய சொல்லும் தப்பாகிவிடும். ஆகவே இது G பத்தி சுத்தமான பிறகு செய்யும் வேலை.

எக்செலில் ஒட்டுமுன் தேதி, பக்க எண் பத்திகளை `Text` ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 2-5 என்ற பக்கக் குறிப்பு தேதியாகும், 007 ஏழாகும்.

எல்லாம் முடிந்தும் ஒரு வரி 0 ஆகாமல் நின்றால், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படித்தது சரியாக இருந்தால் எழுதியவரே கூட்டலில் தவறியிருக்கிறார். அதைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் H பத்தியில் "மூலத்தில் இப்படியே" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். வரிக்கு வரி இருப்பே எழுதாத பேரேடுகளில் இந்தச் சூத்திரத்துக்கு வேலை இல்லை. அங்கே பட்டை எண்ணும், ஒரே பக்கத்தை இருமுறை படிக்கவைத்து ஒப்பிடுவதும் மட்டுமே மிஞ்சும். இரண்டு முறையும் ஒரே மாதிரி நழுவினால் அதுவும் பிடிபடாது. அத்தகைய பக்கங்களில் காலிக் கட்டத்துக்கு அடுத்த வரியையாவது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.