‘ரேஞ்ச்’ குறைகிறதா? டேங்க் யூனிட்டை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் பெட்ரோல் கார் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீட்டரில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்’ என்று காட்டும் எண் திடீரென்று சரிந்தால், அதையே காரணம் காட்டி உங்கள் தலையில் ஒரு பெரிய பில்லைக் கட்டும் சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன. எனக்கு 9,000 ரூபாய்க்கு மேல் போனது.

நெல்லூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நுழையும்போது மீட்டர் 400 காட்டியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டி, ஏசியோடு ஊர்ந்து ஊர்ந்து காசிமேடு வருவதற்குள் அது 280 ஆகிவிட்டது. ஓடியது 9 கிலோமீட்டர்தான், குறைந்ததோ 120. பங்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் மச்சான். அவருக்கு எதற்கெடுத்தாலும் பங்க்காரன்தான்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “டேங்க் ஃப்ளோட் போயிடுச்சு சார், பம்போட சேர்த்து முழு யூனிட்டா மாத்தணும். இல்லன்னா நடுரோட்டுல நின்னுடும்” என்றார். மாற்றினார்கள். வண்டியை எடுக்கும்போது மீட்டரில் 400-க்கு மேல் காட்டியது. “பாத்தீங்களா சார்?” என்று அவரே சுட்டிக் காட்டினார். அதே வாரம் அதே லாரி வரிசையில் எண் மறுபடியும் மளமளவென்று இறங்கியது.

நல்ல வேளையாகப் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் பிடித்துக்கொண்டு, மிதவைக் கம்பியைக் கீழிருந்து மேலே மெல்லத் தூக்கினார். ஓம் அளவு எங்கும் குதிக்காமல் சீராக மாறியது. கம்பியை இறக்கும்போதும் அப்படியே. தேய்ந்த யூனிட்டாக இருந்தால் நடுவில் எங்காவது அளவு துள்ளும் அல்லது அறுந்துபோகும். “இது நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றவர், ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்கையும் போட்டுக் காட்டினார்.

மீட்டர் செய்வது ஒரு பெருக்கல்தான். மிதவை சொல்லும் மிச்ச பெட்ரோலை, சமீபத்தில் ஓடிய தூரத்தின் சராசரி மைலேஜால் பெருக்குகிறது. எத்தனை கிலோமீட்டரைச் ‘சமீபம்’ என்று எடுத்துக்கொள்ளும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேச்சுக்கு 50 என்று வைப்போம். ஹைவேயில் லிட்டருக்கு 20 கிடைத்தது, டேங்கில் 20 லிட்டர் இருந்தது, ஆக 400. அப்புறம் ஊர்ந்த 9 கிலோமீட்டருக்கு 1.3 லிட்டர் குடித்துவிட்டது. கடைசி 50-இல் மிச்சமுள்ள 41 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.05 லிட்டர். இரண்டையும் கூட்டினால் 3.35 லிட்டர், அதாவது சராசரி 15-க்கு வந்துவிட்டது. டேங்கில் மிச்சம் 18.7 லிட்டர். பெருக்கினால் 280. பெட்ரோல் குறைந்தது ஒன்றே கால் லிட்டர் சொச்சம்தான். மற்றதெல்லாம் ‘இனியும் இப்படியேதான் ஓட்டுவான்’ என்று மீட்டர் நினைத்துக்கொண்டதால் வந்த குறைவு. செங்குன்றம் தாண்டி ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓட்டினால் அதே எண் ஏறவும் செய்யும்.

அப்படியென்றால் யூனிட் மாற்றியதும் எப்படிச் சரியானது? அந்த வேலைக்கு பேட்டரி ஒயரைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் அப்போது பழைய சராசரி அழிந்து, கம்பெனி வைத்த ஆரம்ப அளவிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். வண்டியை எடுக்கும்போது நான் பார்த்தது அந்த எண்ணைத்தான்.

மிதவை உண்மையிலேயே கெட்டால் பெட்ரோல் முள்ளிலேயே தெரிந்துவிடும். ஃபுல் டேங்க் போட்டாலும் முள் மேலே போகாது, அல்லது ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது சமமான ரோட்டிலேயே பாதிக்கும் காலுக்கும் தாவும். முள் ஒழுங்காக இறங்கி, கிலோமீட்டர் எண் மட்டும் ஆடினால் யூனிட்டில் கை வைக்க விடாதீர்கள். சந்தேகம் தீரவில்லையா? பங்க்கில் துப்பாக்கி தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் பாதியாகும்வரை ஓட்டுங்கள். அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான மைலேஜ். அது வழக்கம்போல் இருந்தால் வண்டியில் கோளாறு இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கஸ்டமர் சம்மதத்தோடதான் மாத்தினோம்” என்றார்கள். என்ன சோதனை செய்து ஃப்ளோட் போய்விட்டது என்று கண்டுபிடித்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஜாப் கார்டில் ‘ரேஞ்ச் குறைவு, யூனிட் மாற்றப்பட்டது’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதன் நகலோடும் பழைய பாகத்தோடும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.