அம்மா கேட்ட இரண்டு பாகங்கள்: எட்டு வருஷ இன்டர்லைப்ரரி லோன் அனுபவம்

நான் இருப்பது அமெரிக்காவின் நடு மேற்கில் ஒரு சின்ன ஊர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிளை நூலகம் இருக்கிறது. தமிழ் என்று எழுதிய ஒரு தாள்கூட அங்கே கிடையாது, பக்கத்து ஊர்க் கிளைகளிலும் கிடையாது. ஆனாலும் இந்த எட்டு வருஷத்தில் அதே நூலகத்தின் முன்மேஜையில் கை நீட்டி நாற்பதுக்கு மேல் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கிப் படித்திருக்கிறேன். எல்லாம் இன்டர்லைப்ரரி லோன்தான். நம்ம நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு ஏதோ மாநிலத்து நூலகத்திடம் நமக்காகக் கடன் கேட்டு வரவழைத்துத் தருவார்கள்.

இதைக் கிளைக்குக் கிளை நடக்கும் முன்பதிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பதிவில் புத்தகம் நம் நூலக அமைப்புக்குள்ளேயே இருக்கும், வேன் கொண்டுவந்து போட்டுவிடும், நாலு நாளில் கையில் இருக்கும். இது அப்படியில்லை. புத்தகத்தின் சொந்தக்காரர் வேறொருவர். அவர் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கொடுத்தாலும் அவர் போடுகிற நிபந்தனைப்படிதான்.

எட்டு வருஷத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு கோரிக்கை. அதையே சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்டோபரில் அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். வந்த இரண்டாவது வாரமே, உ.வே.சா. தன் ஆசிரியரைப் பற்றி எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் இங்கே கிடைக்குமா என்று கேட்டார். 1933, 1934 என்று இரண்டு பாகங்களாக வந்த புத்தகம் அது. இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, டேப்லெட்டில் திறந்தும் கொடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கண் எரிகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காகிதம்தான் வேண்டும்.

நூலகத்தின் கோரிக்கைப் படிவத்தில் நாம் ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுகிற மாதிரியே தலைப்பை அடித்தேன்: `Meenakshisundaram Pillai Charithiram`. ஆசிரியர் இடத்தில் `Swaminatha Iyer`. பதினொரு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: இப்படி ஒரு புத்தகம் எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மா சிரித்தார். "இருக்கு, அவங்களுக்குப் பேர் தெரியலை, அவ்வளவுதான்" என்றார். அதுதான் உண்மையும்.

அமெரிக்க நூலகப் பட்டியல்களில் தமிழை ரோமன் எழுத்தில் எழுத ஒரு கட்டான முறை உண்டு. காதில் எப்படிக் கேட்கிறது என்பது அங்கே கணக்கில்லை. தமிழ் எழுத்து எதுவோ அதற்கு நேரான ரோமன் எழுத்துதான். நம் மெட்ராஸ் லெக்சிகன் பயன்படுத்துகிற முறையோடு ஏறக்குறைய ஒன்று. க எங்கே வந்தாலும் `k`, ச எங்கே வந்தாலும் `c`, த எப்போதும் `t`, ப எப்போதும் `p`. இந்த நாலு எழுத்துகளைப் பொறுத்தவரை `g`, `s`, `d`, `b` என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சங்கம் என்பது `cankam`, சுந்தரம் என்பது `cuntaram`. ழ, ள இரண்டும் கீழே கோடும் புள்ளியும் வைத்த `l`. தேடும்போது அந்தக் கோடு புள்ளிகளை விட்டுவிட்டு வெறும் `l` அடித்தால் போதும். ட-வும் அப்படியே, வெறும் `t`. கிரந்த எழுத்துகள் மட்டும் காதில் கேட்கிறபடி இருக்கும்: ஜெயகாந்தன் `jeyakantan`தான். ஆனால் சாமிநாதையர் `caminataiyar` ஆகிவிடுவார். முதல் தடவை பார்த்தபோது யாரோ இத்தாலிக்காரர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்புறம் வேர்ல்ட்கேட் என்ற கூட்டுப் பட்டியலில் (யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம்) இப்படித் தேடினேன்:

```
minatcicuntaram carittiram
```

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் நடுவில் `pillai` என்றும் சேர்த்து அடித்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. தலைப்பில் பிள்ளையவர்கள் என்று சேர்ந்து ஒரே சொல்லாக இருக்கிறது. இயந்திரத்துக்கு அதில் பிள்ளையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தையெல்லாம் தவிர்த்து, ஒட்டாமல் தனியாக நிற்கிற சொல் ஒன்றிரண்டை மட்டும் அடிப்பது நல்லது. தமிழ் எழுத்திலேயே தேடலாமே என்று தோன்றும். புதிய பதிவுகளில் சில சமயம் வேலை செய்யும். பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே ஏற்றப்படவில்லை.

இந்தத் தடவை கிடைத்தது. பதிவின் அடியில் ஓ.சி.எல்.சி. எண் என்று ஒன்று இருக்கும். அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நம் நூலகத்தில் இந்த வேலையைப் பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் அந்த எண்ணைப் போட்டு, புத்தகம் வைத்திருக்கிற நூலகங்களை வரிசையாக அடுக்கி அனுப்புகிறார். கோரிக்கை முதல் நூலகத்துக்குப் போகும். அவர்கள் மறுத்தாலோ, கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டாலோ அடுத்ததற்குத் தானாக நகரும். பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை என்றால் பெரும்பாலும் இப்படி எங்கோ இரண்டாவது மூன்றாவது வாசலில் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நன்றிப் பெருநாளுக்கு முந்தைய வாரம் புத்தகம் வந்தது. அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை, அதில் கெடு தேதியும், பட்டையைக் கழற்றாதே என்ற எச்சரிக்கையும். பின்னட்டையின் உள்ளே பழைய தேதி முத்திரைத் தாள். கடைசி முத்திரை 1991. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா திறந்து பார்த்துவிட்டு, "இது ரெண்டாம் பாகம்டா" என்றார்.

தப்பு என்னுடையது. பல பாகங்கள் உள்ள புத்தகத்துக்கு வேர்ல்ட்கேட்டில் பெரும்பாலும் ஒரே பதிவு, ஒரே எண். எந்தப் பாகம் என்று குறிப்புப் பெட்டியில் எழுதாவிட்டால், அனுப்புகிறவர் அலமாரியில் கைக்குக் கிடைத்ததை எடுத்து அனுப்புவார். அங்கிருப்பவருக்கும் முதுகில் உள்ள எண் மட்டும்தான் புரியும். இரண்டு பாகமும் வேண்டுமென்றால் இரண்டு தனிக் கோரிக்கை போட வேண்டும் என்று எங்கள் நூலகத்தில் அப்போதுதான் சொன்னார்கள். அதைப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கலாம். இன்றுவரை இல்லை.

முதல் பாகத்துக்குத் தனியாகக் கேட்டேன். அது வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, ஆனால் நூலகத்துக்குள் மட்டும் படிக்கலாம் என்ற நிபந்தனையோடு. தாள் பழுப்பேறி விளிம்பு உதிர்கிற நிலையில் இருந்ததால், கடன் கொடுத்ததே பெரிய விஷயம். ஆகவே ஜனவரிக் குளிரில் மூன்று வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவைக் கொண்டுபோய் நூலகத்தில் விட்டுவிட்டு ஐந்து மணிக்குக் கூட்டி வந்தேன். அதற்குள் இரண்டாம் பாகத்தை வீட்டில் முடித்திருந்தார். பிள்ளையவர்கள் 1876இல் இறந்துபோவதைப் படித்துவிட்டு, அப்புறம் அவர் 1815இல் பிறப்பதைப் படித்தார்.

இரண்டாம் பாகத்தின் கெடு நாலு வாரம். நீட்டிப்பு கேட்பதை கெடு தேதியன்று செய்தால் வேலைக்கு ஆகாது. நாம் நம் நூலகத்தைக் கேட்க, அவர்கள் சொந்தக்கார நூலகத்தைக் கேட்க, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். நான் ஐந்து நாள் முன்னதாகவே கேட்டுவிடுவேன். எனக்குக் கிடைத்த வழக்கம் ஒரு தடவை நீட்டிப்பு, அதற்கு மேல் இல்லை. தாமதமானால் அபராதத்தைவிட மோசமானது, சொந்தக்கார நூலகம் நம் நூலகத்துக்கே அடுத்த முறை தயங்கும். தொலைத்துவிட்டால் விலையை அவர்கள்தான் நிர்ணயிப்பார்கள். அச்சில் இல்லாத தமிழ்ப் புத்தகத்துக்கு அட்டை விலையான எட்டு ரூபாயை நீட்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

காசு என்று பார்த்தால் எங்கள் நூலகம் எதுவும் வாங்குவதில்லை. சில கடன் கொடுக்கும் நூலகங்கள் கட்டணம் கேட்கும். படிவத்தில் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கச் சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் பூஜ்யம் என்றே போடுகிறேன், அதனால் இரண்டு புத்தகங்கள் கிடைக்காமல் போயின.

இவ்வளவு தமிழ்ப் புத்தகம் இந்த நாட்டில் எப்படி வந்தது என்று அம்மா கேட்டார். பதில் கோதுமை. பி.எல். 480 என்ற 1954ஆம் வருஷச் சட்டப்படி அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்றுவிட்டு விலையை ரூபாயில் வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பங்கை வைத்து, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற இடங்களில் தமிழ் அலமாரிகள் நிரம்பியதில் அதற்குப் பெரிய பங்கு. என் அனுபவத்திலும் அறுபது, எழுபதுகளில் வந்த நாவலும் கட்டுரைத் தொகுப்பும்தான் கேட்டவுடன் வருகின்றன. போன வருஷம் சென்னையில் வெளியானதைக் கேட்டுப் பயனில்லை. புதிதாக வாங்கியதை முதல் சில மாதம் வெளியே அனுப்ப மாட்டோம் என்று பல நூலகங்கள் வைத்திருக்கின்றன. அகராதிகளையும் கேட்டுப் பார்த்தேன். உசாத்துணை நூல் வெளியே போகாது என்று பதில் வந்தது.

அவசரத்துக்கு இது உதவாது. கேட்டதிலிருந்து கைக்கு வர எனக்கு மிகக் குறைந்தது ஒன்பது நாள், மிக அதிகம் ஏழு வாரம். பெரும்பாலும் நூலகங்களுக்கான சலுகைத் தபாலில் ஆடி அசைந்துதான் வருகிறது. டிசம்பர் கடைசி இரண்டு வாரம் பல்கலைக்கழகங்களே மூடிக்கிடக்கும், அப்போது கேட்டால் ஜனவரி நடுவில்தான் அசையும்.

அம்மா இந்த அக்டோபரில் மறுபடி வருகிறார். என்ன வேண்டும் என்று ஜூலையிலேயே போனில் கேட்டு வைத்துக்கொண்டேன். நான்கு பாகம், நான்கு கோரிக்கை, ஒவ்வொன்றிலும் எண்ணும் பாக எண்ணும். செப்டம்பர் மூன்றாவது வாரம் அனுப்புவதாகக் காலண்டரில் குறித்திருக்கிறேன். அதற்கு முன்னால் அனுப்பினால் அவர் விமானம் ஏறுவதற்குள் கெடு தேதி வந்துவிடும்.