விதைக் கச்சான் விற்கும் பக்கம்: பயன்பதிவா, விற்பனைப்பதிவா?

வாங்காதவருக்கும் உதவுவது பயன்பதிவு, வாங்கச் சொல்வது விற்பனைப்பதிவு. முல்லைத்தீவிலிருந்து முகநூலில் விதைக் கச்சான் விற்கும் ஒரு பக்கத்தை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடலாம்.

உழைப்பு: விலையையும் தொலைபேசி எண்ணையும் இடுவதற்குச் சில நிமிடங்கள் போதும், ஈரச்சாக்கில் நூறு பருப்புகளை முளைக்கவைத்து, எத்தனை முளைத்தன என்று படத்துடன் விளக்குவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும்.

ஆயுள்: விலைப்பதிவு கையிருப்பு தீர்ந்ததும் பயனிழக்கும், முளைப்புச் சோதனையை அடுத்த போகத்திலும் தேடி எடுப்பார்கள்.

பலன்: உடனடி அழைப்பு விலைப்பதிவுக்கே வரும், ஆகவே அதைத் தவிர்க்க இயலாது.

பக்கம் விற்பனையை நோக்கிச் சாய்ந்துவிட்டதா என்பதை அறிய, கடைசி இருபது பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் விலை, எண், கடைப்பெயர் ஆகியவற்றை மறைத்துவிட்டு, எதையும் வாங்காத விவசாயிக்கு மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். "பழைய விதை முளைக்காது, எங்களிடம் வாங்குங்கள்" என்பது அறிவுரைபோலத் தோன்றினாலும், சோதிக்கும் வழியைச் சொல்லாததால் அதை விற்பனையாகவே எண்ணவேண்டும். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான்.

ஐந்து பதிவுகளில் ஒன்று விற்பனை என்பது பரவலான கைக்கணக்கு. விதைப்புக்கு முந்திய வாரங்களில் பாதிவரை போகலாம் என்பது என் கருத்து. விதைப்பு முடிந்த பின்னும் அதே அளவு நீடித்து, பின்னூட்டங்களில் சந்தேகங்கள் மறைந்து விலை விசாரிப்பு மட்டுமே எஞ்சினால், சாய்வு மிகுந்துவிட்டது. கையிருப்பை விரைவில் தீர்க்கவேண்டியவருக்கு விற்பனைப்பதிவும், ஆண்டுதோறும் அதே விவசாயிகளுக்கு விற்பவருக்குப் பயன்பதிவும் பொருந்தும்.