முகமாற்று மாதிரிக்கு முகங்களைப் பிரித்தெடுப்பது: டீப்ஃபேஸ்லேபுடன் என் அனுபவம்

கிளிநொச்சியில் குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். காணொளியில் ஒருவரின் முகத்துக்குப் பதிலாக இன்னொருவரின் முகத்தை வைக்கும் டீப்ஃபேஸ்லேப் என்ற மென்பொருளை நீண்ட நாளாகப் பாவிக்கிறேன். படங்களைப் பார்த்து முகத்தைக் கற்றுக்கொள்ளும் அதன் மாதிரியைப் பயிற்றுவிப்பதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். விளைவின் தரம் அதற்கு முன்பே, முகங்களை வெட்டி எடுக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது.

அண்மையில் செய்த வேலையையே சொல்கிறேன். இரணைமடுக் குளக்கட்டில் ஒருவர் சைக்கிளில் வேகமாகப் போகும் காட்சி. ஓட்டியது பதிலாள். அவரது முகத்தில் நடிகரின் முகம் வரவேண்டும். இரண்டு பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தோம். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

நடிகரை நாற்காலியில் இருத்திக் கதைக்க வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்தோம். நொடிக்கு 25 பிரேம் என்றால் 15,000 படங்கள். அடுத்தடுத்த பிரேம்கள் ஏறக்குறைய ஒரே படம்தான், மாதிரி அவற்றிலிருந்து புதிதாக எதையும் கற்காது. நொடிக்கு ஐந்து எடுத்தால் 3,000 படங்கள் வரும், அது போதும்:

```
ffmpeg -i nadigar.mp4 -vf fps=5 -q:v 2 data_src/%05d.jpg
```

அப்புறம் மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் முகத்தைக் கண்டுபிடித்து, அதில் 68 புள்ளிகளைக் குறிக்கும். அவற்றை வைத்து முகத்தைச் சுழற்றி, அளவு மாற்றி, நகர்த்தி ஒரே சட்டத்துக்குள் பொருத்தும். இந்தப் பொருத்தலுக்கு எல்லாப் புள்ளிகளும் பயன்படுவதில்லை. புருவம், கண், மூக்கு, வாயின் இரு ஓரங்கள், இவ்வளவுதான். தாடைக் கோட்டின் 17 புள்ளிகள் இதில் சேராது. வாய் திறந்து மூடும்போது சட்டம் ஆடாமல் இருக்க இது நல்லதுதான். ஆனால் முகத்தில் மாறவேண்டிய பகுதியைக் காட்டும் முகமூடிக்குக் கீழ் எல்லையை வரைவது அந்தத் தாடைப் புள்ளிகள்தான். அதனால் வெட்டிய படம் ஒழுங்காகத் தெரிந்தாலும் தாடைக் கோடு கழுத்தில் கிடக்கலாம், கன்னத்துக்குள் நுழைந்திருக்கலாம். இதை வெட்டிய முகங்கள் சேரும் aligned கோப்புறையில் பார்க்க முடியாது. புள்ளிகளை வரைந்து காட்டும் aligned_debug கோப்புறையைத்தான் பார்க்கவேண்டும்.

பொருத்தலே பிழைத்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். சிறுபடங்களை வரிசையாகப் பார்த்தால் கண்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். ஒன்று மட்டும் சாய்ந்தோ பெருத்தோ தெரிந்தால் அதுதான் பிழை. எங்கள் காட்சியில் அப்படி வந்தவை பெரும்பாலும் இரண்டு வகை: சைக்கிள் குலுங்கி முகம் மங்கிய பிரேம்கள், கையால் வியர்வை துடைத்த பிரேம்கள்.

நடிகர் பக்கத்துப் படத்தில் பிழை இருந்தால் யோசிக்காமல் அழித்துவிடலாம். பதிலாள் பக்கம் அப்படி இல்லை. ஒரு பிரேமில் முகம் இல்லாமல் போனால் இறுதிக் காட்சியில் அந்த இடத்தில் பழைய முகம் மின்னி மறையும். அங்கே aligned_debug-இல் பிழையான படத்தை அழித்துவிட்டு, MANUAL RE-EXTRACT DELETED ALIGNED_DEBUG என்ற கட்டளையை ஓட்டி, அந்தப் பிரேம்களுக்கு மட்டும் கையால் சட்டத்தை வைக்கவேண்டும். அலுப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி இல்லை.

மங்கலான படங்களைக் கழிக்க, மங்கல் அளவால் வரிசைப்படுத்தும் வசதி உண்டு. அதை முழுதாக நம்பாதீர்கள். மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தின் இரைச்சல் புள்ளிகளையும் அது கூர்மை என்று கணக்குப் போடும், அதனால் மோசமான படம் மேலே வந்து நிற்கும். வரிசையின் அடிமட்டத்தை மட்டும் வெட்டுங்கள், மேல்மட்டத்தைக் கண்ணால் பாருங்கள்.

எனக்கு அதிகம் உதவியது முகம் திரும்பும் கோணத்தால் வரிசைப்படுத்துவது. அதில் இடைவெளி உடனே தெரியும். நடிகர் பெரும்பாலும் நேரே பார்த்தே கதைத்திருந்தார், பதிலாளோ குளத்துப் பக்கம் தலையை நன்றாகத் திருப்புகிறார். அந்தக் கோணம் நடிகரிடம் இல்லையென்றால் மாதிரி தானாகக் கற்பனை செய்யும், கன்னம் களிமண் போலாகும். படங்களை இடவலமாகப் புரட்டி நிரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய இடது கன்னத்தில் மச்சம் இருக்கிறது. புரட்டினால் இரண்டு கன்னத்திலும் மங்கலாக மச்சம் வரும். "அண்ணை, இன்னொருக்கா வாங்கோ" என்று அவரையே கூப்பிட்டு, அதே வெளிச்சத்தில் தலையை மெதுவாகத் திருப்பச் சொல்லிப் பதிவு செய்தோம். அதுதான் சரியான வழி.

எங்கள் ஊரில் கவனிக்கவேண்டிய இன்னொன்று திருநீறு. முதல் பதிவில் நெற்றியில் மூன்று குறி, இரண்டாவதில் இல்லை. ஹோல் ஃபேஸ் வெட்டில் நெற்றி முழுதும் வருவதால் மாதிரி இரண்டையும் கலந்து, நெற்றியில் வெள்ளை மின்னும். ஃபுல் ஃபேஸ் வெட்டு புருவத்துக்குச் சற்று மேலோடு நிற்கும், குறியின் பெரும்பகுதி வெளியே போய்விடும். நான் அதையே தெரிவுசெய்தேன். நெற்றியும் மாறவேண்டிய காட்சி என்றால் ஒரே நிலையில் எடுத்த பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

வெட்டிய படங்களை வேறு மென்பொருளில் திறந்து நிறம் திருத்திச் சேமிக்கவும் வேண்டாம். புள்ளிகளின் தகவல் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மறுபடி சேமிக்கும்போது அது போய்விட்டால், பயிற்சிக்கு அந்தப் படம் உதவாது. நிறத்தை மாற்றுவதென்றால் காணொளியிலேயே மாற்றிவிட்டு, அதன்பிறகு முகங்களை வெட்டுங்கள்.